புள்ளி நிற்காத எழுத்து: ஏஐ வீடியோவில் தமிழ் ஏன் சிதைகிறது, பெயர்களைப் பிறகு எப்படிச் சேர்ப்பது

காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றை ஒட்டியிருக்கும் செவிலிமேட்டில், தறி இருக்கும் உறவினர் வீட்டுக்காக ஐந்து விநாடி வீடியோ ஒன்று செய்யப் பார்த்தேன். குழித்தறியில் ஒருவர் நெய்கிறார், பின்சுவரில் ஒரு மரப்பலகை, அதில் 'செவிலிமேடு' என்று எழுதியிருக்க வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். வந்த படத்தில் வெளிச்சம் அருமை, பட்டின் மினுமினுப்பும் அருமை. பலகையில் மட்டும் தமிழ்போலத் தோன்றும் ஏதோ ஒன்று இருந்தது. முதல் விநாடியில் 'வ' போல இருந்த எழுத்து மூன்றாம் விநாடியில் 'ல' போல வளைந்தது. நெய்பவரின் கை பலகையைக் கடந்து போனதும் அதன் பின்னாலிருந்து வேறொரு எழுத்து வெளிப்பட்டது. எட்டு முறை முயன்றேன், எட்டும் எட்டு விதம்.

இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மாடலுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்கிறார்கள் சிலர். பயிற்சிப் படங்களில் தமிழ் குறைவு என்கிறார்கள் வேறு சிலர். மாடல் பெரிதானால் தானாகச் சரியாகிவிடும் என்பது இன்னொரு தரப்பு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் தமிழுக்கு எது எவ்வளவு பொருந்துகிறது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான், சிதைந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப வரவழைத்து நேரத்தைக் கரைக்காமல் வேறு வழியில் போக முடியும்.

முதலில் எழுத்துக்கூட்டும் விஷயம். நாம் தட்டும் வாசகத்தை மாடல் அப்படியே படிப்பதில்லை. அதை ஒரு மொழிக் கருவி துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்வரிசையாக மாற்றிக் கொடுக்கிறது. அந்த எண்களில் சொல்லின் பொருள் இருக்கும், எழுத்துகளின் வரிசை நேரடியாக இருக்காது. கூகுள் ஆய்வாளர்கள் 2022 இறுதியில் இதைச் சோதித்தார்கள். துண்டுகளாகப் படிக்கும் டி5 என்ற கருவியைவிட, பைட் பைட்டாகப் படிக்கும் பைடி5 என்ற கருவியைப் பொருத்தினால் படத்தில் வரும் எழுத்துப்பிழை வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். ஆங்கிலத்துக்கே இந்த நிலை. தமிழின் நிலை இன்னும் கீழே இருக்கிறது. திறந்த வீடியோ மாடல்களில் காக்வீடியோஎக்ஸ் போன்றவை அந்தப் பழைய டி5 கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. அதன் சொற்பட்டியல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியன் ஆகிய மொழிகளை வைத்துத் தயாரானது. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. 'செவிலிமேடு' என்று தட்டினால் மாடலுக்குப் போய்ச் சேர்வது 'தெரியாதது' என்ற குறி மட்டும்தான். இத்தகைய மாடலிடம் தமிழில் எழுதச் சொல்வது பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவது போன்றது.

வான் 2.1 போன்ற பின்வந்த மாடல்கள் பல மொழிகள் அறிந்த கருவியைப் பொருத்திக்கொண்டன. 2025 தொடக்கத்தில் வெளியான அந்த மாடலின் தயாரிப்பாளர்கள், வீடியோவுக்குள் சீன, ஆங்கில எழுத்துகளை எழுதும் திறனைத் தனிச் சிறப்பாகவே அறிவித்தார்கள். தமிழ் அந்த அறிவிப்பில் இல்லை. ஒரு சொல்லின் பொருளை அறிவதும் அந்த எழுத்தின் வடிவை வரைவதும் வெவ்வேறு திறமைகள். பின்னது, எழுத்துள்ள படங்களை ஏராளமாகப் பார்த்தால்தான் வரும். அந்தப் படங்களின் விளக்கத்தில் 'பலகையில் இன்ன சொல் எழுதியிருக்கிறது' என்றும் குறித்திருக்க வேண்டும். 'தெருவில் ஒரு கடை' என்று மட்டும் குறித்துவிட்டால், பலகையில் இருக்கும் தமிழ் மாடலுக்கு வெறும் கோலமாகத்தான் படும்.

இதனோடு தமிழின் எழுத்தமைப்பும் சேர்கிறது. 'செவிலிமேடு' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குள் அது பத்துக் குறிகள், முப்பது பைட்டுகள். 'செ' என்பதில் ச முதலில் பதிகிறது, கொம்பு அதன் பிறகுதான் வருகிறது. திரையில் கொம்பு முன்னால் போய் நிற்கிறது. 'கொ' என்றால் ஒரே குறி பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கும். நம் கைப்பேசியில் இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. வீடியோ மாடலுக்குள் அப்படி எதுவும் இல்லை. விதியை அறியாமல், பார்த்த படங்களின் நினைவிலிருந்தே அது எழுத்தைத் தீட்டுகிறது.

ஆனாலும் தமிழை அதிகம் சிதைப்பது இவை எதுவும் அல்ல என்பது என் முடிவு. அதிகம் சிதைப்பது கட்டம். இதைத் தறிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது.

சேலைக் கரையில் ஒரு மயில் வர வேண்டுமென்றால் அதை முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். பிறகு அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை அடிக்கிறார்கள். அட்டைகள் ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்த இழை மேலே வர வேண்டும் என்று சொல்கின்றன. ஒரு கட்டத்தைவிடச் சிறிய எதையும் அந்தத் தாளில் வரைய முடியாது. மயிலின் கண் அரைக் கட்டம் என்றால், ஒன்று அது முழுக் கட்டமாகப் பருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணே இல்லாத மயில்தான்.

வீடியோ மாடலும் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. அத்தனை பிக்சல்களையும் நேரடியாகக் கையாள்வது கணினிக்குப் பெரும் சுமை என்பதால் முதலில் சுருக்குகிறது. வான் 2.1, ஹுன்யுவான் வீடியோ இரண்டிலும் எட்டுக்கு எட்டுப் பிக்சல் பரப்பு, அதுவும் அடுத்தடுத்த நான்கு பிரேம்கள், ஒரே சிறுகட்டமாகின்றன. மூன்று நிறங்களையும் கணக்கிட்டால் 768 எண்கள். அவை அனைத்தும் 16 எண்களாக ஒடுங்குகின்றன. பிறகு நான்கு சிறுகட்டங்கள் சேர்ந்து மாடலுக்குள் ஓர் அலகாகப் போகின்றன. எனவே 1280க்கு 720 அளவுள்ள படம் மாடலின் கணக்கில் 80க்கு 45, அதாவது 3600 கட்டங்கள் கொண்ட கிராப் தாள். ஒவ்வொரு கட்டமும் பதினாறு பிக்சல் அகலம், பதினாறு பிக்சல் உயரம்.

இப்போது என் பலகைக்கு வருவோம். அது திரையில் சுமார் 240 பிக்சல் அகலமும் 40 பிக்சல் உயரமும் இருந்தது. கிராப் தாளில் பதினைந்து கட்டம் அகலம், இரண்டரைக் கட்டம் உயரம். 'செவிலிமேடு' முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும். செ-யின் ஒற்றைச்சுழிக் கொம்புக்கும் மே-யின் இரட்டைச்சுழிக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு, அந்த அளவில் இரண்டு மூன்று பிக்சல். அதன் கீழேயே 'காஞ்சிபுரம்' என்று எழுதச் சொல்லியிருந்தால் ஞ், ம் ஆகியவற்றின் தலையிலுள்ள புள்ளியும் அதே அளவுதான் இருக்கும். கட்டத்தில் பாதிகூட இல்லாத புள்ளியை அந்தக் கட்டம் எப்படிக் காக்கும்?

ஆங்கிலத்தில் இப்படி ஒரு துளி மறைந்தாலும் சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தமிழில் பொருளே அந்தத் துளியில் இருக்கிறது. புள்ளி போனால் 'பட்டு' 'படடு' ஆகும், 'முந்தி' 'முநதி' ஆகும். கொம்பின் சுழி ஒன்று குறைந்தால் 'சேலை' 'செலை' ஆகிவிடும். ஓலைச்சுவடிக் காலத்திலும் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டே எழுதினார்கள், குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் படித்தவர்கள் இடம்பார்த்துத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். கடைப்பலகையைப் பார்க்கும் இன்றைய வாசகர் அப்படி நிரப்பிப் படிக்க மாட்டார், பிழை என்றே படிப்பார்.

பயிற்சியின் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. மாடல் வரைந்தது அசலிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை முழுப் பரப்புக்கும் சேர்த்தே அளக்கிறார்கள். பட்டின் பளபளப்பு தவறினால் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் தவறும், மாடல் திருத்திக்கொள்ளும். ஒரு புள்ளி தவறினால் பத்துப் பதினைந்து பிக்சல்தான், அந்தத் தவறு கணக்கில் தெரியவே தெரியாது.

பட மாடல்களைவிட வீடியோ மாடல்கள் இதில் பின்தங்குவதற்குக் காரணம் காலம். ஐந்து விநாடி, விநாடிக்குப் பதினாறு பிரேம் என்று வைத்தால், தொடக்கப் பிரேமோடு சேர்த்து 81 பிரேம்கள். அவை காலத்திலும் சுருங்கி 21 அடுக்குகளாகின்றன. அந்த 21 அடுக்கிலும் பலகை ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். மாடலுக்குள் 'இந்தப் பலகையில் இந்தச் சொல்' என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. கேமரா நகர்ந்தாலும், கை ஒன்று குறுக்கே போனாலும், மறைந்த எழுத்தை அது புதிதாக ஊகித்தே வரைகிறது. கைக்குப் பின்னால் எழுத்து மாறியதன் காரணம் இதுதான். சிதைவைக் கண்டுபிடிக்கவும் இதுவே எளிய சோதனை. எழுத்தை ஏதாவது ஒன்று மறைத்து விலகும் இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிரேம்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

சரியான எழுத்துள்ள ஒரு நிழற்படத்தை முதல் பிரேமாகக் கொடுத்து அதை அசையச் செய்யலாமே என்று பலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன். கேமரா அசையாமல், பலகை பெரிதாகவும் நேராகவும் இருந்தால் ஓரளவு நிற்கிறது. கேமரா மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தாலே, முதல் விநாடிக்குப் பிறகு புள்ளிகள் கரையத் தொடங்குகின்றன.

மாடல் பெரிதானால் சரியாகும் என்பவர்களுக்கு என் பதில் இது. ஆங்கிலத் தலைப்புகள் படங்களில் இன்று பெரும்பாலும் சரியாக வருகின்றன, வீடியோவிலும் முன்னேற்றம் உண்டு. தமிழும் ஒருநாள் வரலாம். அப்போதும் கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் படத்துக்குள் மாடல் வரைவதை நான் ஏற்க மாட்டேன். எண் மாறினால் படத்தையே மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். தனி அடுக்காக வைத்த எழுத்தை ஒரு நிமிடத்தில் திருத்தலாம்.

ஆகவே, எழுத்தே இல்லாத படத்தை முதலில் வாங்க வேண்டும். பலகை வேண்டும், அது வெறுமையாக இருக்க வேண்டும், கேமரா அசையக் கூடாது. இந்த மூன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் பிறகு தட்டியது இது:

```
A weaver at a handloom, blank wooden signboard on the wall,
no text, no subtitles, no watermark, static camera,
empty dark area in the lower third
```

கடைசி வரி முக்கியம். திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு இருட்டாகவும் காலியாகவும் இருந்தால் பெயர் போட இடம் தயார். விலக்க வேண்டியவற்றைத் தனியே எழுதப் பெட்டி இருக்கும் கருவிகளில் `text, subtitles` என்பதை அங்கேயே போடலாம். பேச்சுடன் வீடியோ தரும் கருவிகள் சில சமயம் கேட்காமலே அடியில் சிதைந்த வசனவரி போட்டுவிடும். அதைத் துடைக்கப் பார்ப்பதைவிட அந்தப் பட்டையை வெட்டிவிடுவதோ, அதன்மேல் நம் சொந்தப் பட்டையை வைத்து மூடுவதோ நல்லது.

அடுத்து எழுத்துரு. காஞ்சிபுரத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தாம் இருக்கின்றன. அவற்றில் தட்டியதை வீடியோ மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் எழுத்துரு வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரன் எல்லாம் இலவசம். மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கிறதா என்று பார்க்க 'கொ', 'செவிலிமேடு' இரண்டையும் தட்டுங்கள். கொம்பு மெய்க்குப் பின்னால் நின்றால் அந்த மென்பொருளில் எழுத வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, வீடியோவின்மேல் வையுங்கள். கேடென்லைவ் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருளின் தலைப்பு அடுக்கில் தமிழ் ஒழுங்காகவே வருகிறது.

நிலையான பெயருக்கு நான் கட்டளை வரியையே விரும்புகிறேன். `peyar.srt` என்ற கோப்பில், யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, இப்படி எழுதலாம்:

```
1
00:00:00,500 --> 00:00:04,500
செவிலிமேடு, காஞ்சிபுரம்
```

பிறகு:

```
ffmpeg -i tari.mp4 -vf "subtitles=peyar.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=22'" -c:a copy mudivu.mp4
```

இந்த `subtitles` வழி எழுத்தைக் கோக்கும் நிரலைப் பயன்படுத்துவதால் கொம்புகள் இடம் மாறாது. இதே கருவியின் பழைய பதிப்புகளிலுள்ள `drawtext` அப்படிச் செய்யாது. அதில் தமிழ் உடைந்து வந்தால் காரணம் அதுதான். இங்குள்ள 22 என்பது பிக்சல் அல்ல. 288 வரி உயரத் திரைக்கான அளவு அது. 720 வரிப் படத்தில் ஏறக்குறைய 55 பிக்சலாக விரியும். புள்ளி தெளிவாக நிற்க அந்த அளவு வேண்டும். பிஎன்ஜி படமாகச் செய்திருந்தால்:

```
ffmpeg -i tari.mp4 -i palagai.png -filter_complex "[0:v][1:v]overlay=80:560:enable='between(t,0.5,4.5)'" -c:a copy mudivu.mp4
```

நிறத்தில் பட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பச்சை உடலில் அரக்குக் கரை சேலையில் அழகு. வீடியோவில் பச்சைப் பின்னணியில் அரக்கு எழுத்து கலங்கிப் போகும். வழக்கமான வீடியோ கோப்பில் வெளிச்சம் முழு நுணுக்கத்துடன் பதிகிறது. நிறமோ நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்தோடுதான் பதிகிறது. நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்தின் ஓரம் அதனால் கரையும், வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய் வந்தால் இன்னும் மோசமாகும். வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம் என்று வைத்தால் வெளிச்ச வேறுபாடே எழுத்தைக் காப்பாற்றும். முடித்த கோப்பை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கைப்பேசியில் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

சுவரிலுள்ள பலகையிலேயே பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்றால் வேலை கூடும். கேமரா அசையாவிட்டால் பிஎன்ஜி படத்தைப் பலகையின் சாய்வுக்கேற்ப வளைத்து வைத்தாலே போதும். அசைந்தால் பிளெண்டரில் பலகையின் நான்கு மூலைகளுக்கும் குறி வைத்து, பிரேம் பிரேமாகத் தொடரச் செய்து, அவற்றிலிருந்து ஒரு தளத்தை உருவாக்கி, அதில் எழுத்துப்படத்தைப் பொருத்த வேண்டும். ஏஐ வீடியோவில் இங்கே ஒரு தொல்லை உண்டு. மாடல் வரைந்த பலகை உண்மையான பலகை அல்ல, அதன் மூலைகள் மெல்ல உருமாறும். எனவே முதலில் எழுத்துக்குப் பதிலாகச் சதுரங்கக் கட்டப் படம் ஒன்றைப் பொருத்தி, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கட்டங்கள் பலகையின் ஓரத்தை விட்டு வழுக்கினால் அந்தத் துண்டை விட்டுவிட்டு வேறு துண்டு எடுப்பதே மேல். வழுக்காவிட்டால் எழுத்தை வைத்து, அதை மிக லேசாக மங்கலாக்கி, நிழலோடு கலக்கும்படி 'மல்டிப்ளை' முறையில் சேருங்கள். கூர்மை அதிகமான எழுத்து ஒட்டுப்போட்டது போல் தெரியும். கை குறுக்கே போகும் பிரேம்களில் எழுத்தைக் கையின் வடிவில் மறைக்கவும் வேண்டும். ஐந்து விநாடிக்கு அது ஒரு மாலை நேர வேலை.

தறியின் பாகங்களுக்குப் பெயர் போடுவது எல்லாவற்றையும்விடக் கவனம் கேட்பது. பாவு, விழுது, நாடா என்று கோடு இழுத்துக் காட்ட விரும்பினேன். நாடா ஓடும் வேகத்துக்கு எந்தக் குறியும் அதைத் தொடராது. அதனால் ஒரு பிரேமை இரண்டு விநாடி உறைய வைத்து, பெயர்களை அதன்மேல் போட்டு, பிறகு ஓடவிட்டேன். அந்த உறைந்த பிரேமைத் தறிக்கார உறவினரிடம் காட்டியபோதுதான் உண்மைச் சிக்கல் வெளிப்பட்டது. "இதுல விழுதே இல்லையேப்பா, பாவு எங்கேயிருந்து வருது?" என்றார். மாடல் வரைந்தது தறி மாதிரி ஒன்று, தறி அல்ல. இல்லாத விழுதுக்கு நான் பெயர் சூட்டியிருந்தேன். எழுத்து திருத்தமாக இருந்ததாலேயே அந்தப் பொய் நம்பத்தக்கதாகிவிட்டது. பெயர்க்குறி போடும் காட்சிக்கு மட்டும் அவர் வீட்டுத் தறியையே கைப்பேசியில் எடுத்து வைத்தேன்.

இதே கவனம் செவிலிமேட்டின் சாலைக்கிணற்றுக்கும் வேண்டும். ராமானுஜர் வரதராஜருக்கு நாள்தோறும் தீர்த்தம் கொண்டுபோன கிணறு என்று வணங்கப்படும் இடம் அது. மாடல் வரைந்த ஏதோ ஒரு கிணற்றின் மேல் அந்தப் பெயரைப் போட்டால், பார்ப்பவர் அதையே சாலைக்கிணறு என்று நினைத்துக்கொள்வார். சேலை விற்கும் வீடியோவில் சில்க் மார்க் முத்திரையை மாடல் வரைய விடவே கூடாது. அந்த முத்திரைச் சீட்டில் ஒவ்வொரு சேலைக்கும் தனி எண் உண்டு. மாடல் அதில் எதையாவது கிறுக்கும், வாங்குபவர் அதை அசல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். உண்மைச் சீட்டை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து இடையில் சேருங்கள்.

எழுத்தில்லாத வீடியோவையும், `peyar.srt` கோப்பையும், பிஎன்ஜி படங்களையும் ஒரே கோப்புறையில் தனித்தனியாக வைத்திருங்கள். வெளியிடும் முன் படத்தை நெய்பவருக்கு ஒருமுறையும், தமிழ் நன்கு படிக்கத் தெரிந்தவருக்கு ஒருமுறையும் போட்டுக் காட்டுங்கள்.